ஸ்கூல் இதழுக்குப் பேர்: அடுத்த பேட்ச்சும் மாத்தாம வச்சிக்கிற மாதிரி எப்படி?

கேள்வி: நான் காரைக்குடி பக்கம் ஒரு ஸ்கூல்ல ப்ளஸ் ஒன் படிக்கிறேன். போன வருஷம் ப்ளஸ் டூ அக்காங்க 'இளஞ்சிறகு'ன்னு ஒரு இதழ் கொண்டு வந்தாங்க, ரெண்டு இதழோட நின்னுபோச்சு. இப்ப நாங்க எடுத்து நடத்தப்போறோம். பேர் வைக்கிறதுலதான் சண்டை. சிலர் 'முகப்பு'ங்கறாங்க, சிலர் பேருக்குப் பின்னாடி 'எக்ஸ்பிரஸ்' வரணும்ங்கறாங்க, எச்.எம். ஸ்கூலை ஆரம்பிச்சவர் பேரை வைக்கச் சொல்றாங்க. நாங்க போனப்புறமும் நிக்கிற மாதிரி பேர் எப்படிம்மா தேடுறது?

பதில்: பேரைத் தேடறதுக்கு முன்னாடி இளஞ்சிறகு ஏன் நின்னுச்சுன்னு பாத்துருங்க, ஏன்னா பாதி நேரம் குத்தம் பேர் மேல இருக்காது. நடத்துனவங்க எல்லாருமே ப்ளஸ் டூ, மார்ச்ல பப்ளிக் எக்ஸாம், அரையாண்டு முடிஞ்சதுமே அவங்களுக்கு வேற எதுக்கும் நேரம் இருந்திருக்காது, கையில வாங்கிக்க கீழ் கிளாஸ்ல ஆளும் இல்ல. அதை சரிபண்ணாம நீங்க தங்கத்துல பேர் வச்சாலும் அடுத்த மார்ச்ல இதே கதைதான். அதனால உங்க குழுவுல ஒன்பதாங்கிளாஸ் பிள்ளைங்க ரெண்டு மூணு பேர் இப்பவே இருக்கணும், பொங்கலுக்கு முந்தியே பொறுப்பு கை மாறிடணும்.

ஆனா பேர் மேலயும் குத்தம் இருக்கு. இளஞ்சிறகு, விடியல், தளிர் இதெல்லாம் பெரியவங்க பிள்ளைங்களைப் பாத்து சொல்ற பேரு. அந்தப் பேர்ல உக்காந்து எழுதுனா பொன்மொழியும் அன்னையர் தின கவிதையும்தான் வருமே ஒழிய, ஏழாங்கிளாஸ் பக்கம் குடிதண்ணி குழாய் ஒரு மாசமா வரலைங்கற செய்தி வராது. பேர்லயே ஒரு வேலையோ இடமோ இருக்கணும், அப்பத்தான் அதுக்குக் குரல் வரும். எக்ஸ்பிரஸ் வேணாம்னு நான் சொல்றதுக்குக் காரணமும் அதுதான், டெர்முக்கு ஒரு இதழ் போடப்போறீங்க, அந்தப் பேர் சொல்ற வேகத்துக்கு உங்களால ஓட முடியாது.

உங்க ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. 1920கள்ல காரைக்குடியிலேருந்து 'தனவைசிய ஊழியன்'னு ஒரு பத்திரிகை வந்துச்சு, ராய. சொக்கலிங்கம் ஆசிரியரா இருந்தாரு, பிற்பாடு அது வெறும் 'ஊழியன்' ஆயிருச்சு. முன்னாடி இருந்த சமூகப் பேர் போச்சு, வேலையைச் சொல்ற சொல் நின்னுச்சு. ஊழியன்னு பேர் வச்சிட்டா யார் வந்து எழுதினாலும் யாருக்கோ உழைக்கிற ஆளா பேசித்தான் ஆகணும், அந்தக் குரலைப் பேரே குடுத்துருது.

இதை வச்சி 'முகப்பு'வைப் பாருங்க. கேக்க அழகாத்தான் இருக்கு, ஆனா ரெண்டு சிக்கல். இன்னைக்கு தமிழ்ல எந்த வெப்சைட்டைத் தொறந்தாலும் முதல் பட்டன் 'முகப்பு'தான், அதனால உங்க இதழை யாராவது தேடுனா ஆயிரம் முகப்பு வந்து நிக்கும். ரெண்டாவது இன்னும் முக்கியம். முகப்பு, வளவு, பட்டாலைன்னு செட்டிநாட்டுப் பேர்னதும் எல்லாரும் எடுக்கிற சொல்லெல்லாம் பெரிய வீட்டோட பகுதிங்க, உங்க கிளாஸ்ல அந்த வீட்டுல பொறந்த பிள்ளையும் இருக்கும், அந்த வீட்டுக்கு வேலைக்குப் போற அம்மாவோட பிள்ளையும் இருக்கும். ரெண்டு பேரும் ஒரே மாதிரி 'எங்களுது'ன்னு சொல்ல முடியணும்.

வீட்டுக்குள்ள தேடாம ஊருக்குள்ள தேடுங்க. எனக்குத் தோணுறது 'ஊருணி'. திருவள்ளுவர் 'ஊருணி நீர்நிறைந் தற்றே'ன்னு சொன்ன அதே சொல், உங்க பக்கம் ஊருக்கு ஊர் கண்ணால பாக்கிற குடிதண்ணிக் குளம், யாரும் வந்து மொண்டுக்கலாம், யாரும் அழுக்காக்கக் கூடாது. இந்த ரெண்டாவது பாதி உங்க எழுத்துக்கு விதியாவே ஆயிரும், அதாவது ஒரு பிள்ளையைப் பேர் சொல்லி கேலி பண்றது இதுல வராது. பகுதிகளுக்குப் பேரும் தானா வருது. வாசகர் கடிதம் 'வரத்துக்கால்', பேட்டி 'படித்துறை', ஸ்கூல்ல சரிபண்ண வேண்டியதைச் சொல்ற பக்கம் 'தூர் வாரணும்'. அந்தக் குழாய் செய்தியை 'தூர் வாரணும்'ல போட்டா யாரையும் திட்டுற மாதிரி இருக்காது, எல்லாருமா சேந்து செய்யவேண்டிய வேலையா தெரியும், எச்.எம்.முக்கும் படிக்க சங்கடமா இருக்காது. ஒரு பேர் நல்ல பேரான்னு பாக்க நான் பண்றது இதுதான், அதுலேருந்து மூணு பகுதிக்குப் பேர் வரணும், வரலைன்னா விட்டுடணும். அதுக்காக எல்லாப் பக்கத்துலயும் தண்ணி வச்சி இழுக்காதீங்க, விளையாட்டுச் செய்தி விளையாட்டுன்னே இருக்கட்டும்.

அடுத்து வாயில சொல்லிப் பாருங்க. 'ஊருணில வந்திருக்குடி', 'இதை ஊருணிக்குக் குடு', 'ஊருணிக்காரங்க வந்துட்டாங்க'. நாக்கு தடுமாறாம வந்தா சரி, தடுமாறுச்சுன்னா பிள்ளைங்க சுருக்கி வேற எதையாவது கூப்பிட ஆரம்பிச்சிருவாங்க, அட்டையில ஒரு பேர், வாய்ல ஒரு பேர்னு ஆயிரும்.

முடிவு எடுக்க மொத்த ஸ்கூல்லயும் ஓட்டு வைக்காதீங்க, அதுல ஜெயிக்கிறது அந்த வருஷத்து ஜோக்காத்தான் இருக்கும், அடுத்த பேட்ச்சுக்குப் புரியவே புரியாது. நீங்க மூணு தலைப்பை வடிகட்டி, ஒரே செய்தியை மூணு தலைப்புலயும் ஆளுக்கொரு பக்கமா எழுதி, ஏழு எட்டாங்கிளாஸ் பிள்ளைங்ககிட்ட குடுங்க. எதுக்கு 'நானும் எழுதவா'ன்னு கேக்குறாங்களோ அதை எடுங்க, நாளைக்கு நடத்தப்போறவங்க அவங்கதான்.

பேர் முடிவானதும் எண்ணை ஒன்னுலேருந்து ஆரம்பிக்காதீங்க. அக்காங்க போட்டதை மலர் 1ன்னு கணக்கு வச்சி உங்களுது 'மலர் 2, இதழ் 1', கீழ சின்னதா 'முன்பு இளஞ்சிறகு'ன்னு ஒரு வருஷம் போடுங்க. பழைய எண் மேல ஏறி வர்ற இதழை அறுத்துட்டுப் புதுசா தொடங்க அடுத்த பேட்ச்சுக்கு மனசு வராது. அவங்களுக்கும் தங்களோட கை பதியணும்ல, அதுக்கு அட்டையில இருக்கிற எழுத்தை வருஷா வருஷம் புதுசா வரைய விட்டுருங்க, பேரை மட்டும் தொடக் கூடாது, மாத்தணும்னா அடுத்தடுத்த ரெண்டு பேட்ச் சம்மதிக்கணும்னு எழுதி வைங்க. அந்தத் தாளும், இந்தப் பேர் ஏன் வந்துச்சுங்கற ஒரு பக்கமும், ஒவ்வொரு இதழ்லயும் ஒரு பிரதியும் லைப்ரரி பீரோல இருக்கணும், யாரோட போன்லயும் இல்ல.

எச்.எம். சொன்னதையும் தள்ளிடாதீங்க. நிறுவனர் பேர் அட்டைல வந்தா அந்தப் பேருக்குக் கீழ குறைன்னு ஒரு வரி எழுதவே பிள்ளைங்க தயங்கும், அதை மரியாதையா எடுத்துச் சொல்லி, ரெண்டாம் பக்கத்துல 'நிறுவனர் நினைவாக'ன்னு ஒவ்வொரு இதழ்லயும் நிரந்தரமா ஒரு வரி போடுறோம்னு கேளுங்க.

கடைசியா எழுத்து. உங்க பக்கம் பேச்சுல ஊரணின்னும் சொல்லுவாங்க, அட்டைல ஊருணின்னா எல்லா இதழ்லயும் ஊருணிதான். இங்கிலீஷ்ல ooruni, oorani, urani எல்லாம் எழுதலாம், ஒன்னை முடிவு பண்ணி மெயில் ஐடியை ஸ்கூல் பேர்ல எடுங்க, பாஸ்வேர்டு பொறுப்பு டீச்சர்கிட்டயும் இருக்கட்டும். டைப் பண்றது யூனிகோடுல பண்ணுங்க, பழைய ஃபாண்ட்ல அடிச்சது நாலு வருஷம் கழிச்சி வேற கம்ப்யூட்டர்ல தொறந்தா வெறும் கிறுக்கலா நிக்கும். பின்னாடி எப்பவாவது வெளில விலைக்கு விக்கிற எண்ணம் வந்தா பிரஸ் பதிவு அலுவலகத்துல தலைப்புக்கு அனுமதி கேக்கணும், 2023 சட்டப்படி தமிழ்ல ஏற்கனவே பதிவான பேரோ அதுக்கு ரொம்ப நெருக்கமான பேரோ கிடைக்காது. அதனால அவங்க வெப்சைட்ல நீங்க வைக்கப்போற பேரை இப்பவே ஒரு தடவை தேடிப் பாத்துருங்க, வேற யாராவது எடுத்திருந்தா உங்க ஊரோட ஊருணிக்கு இருக்கிற சொந்தப் பேரையும் முன்னாடி சேத்து வச்சிக்கலாம்.