காளானுக்கு எதற்கு மூடி?

கேள்வி: ஓட்டலில் காளான் வறுவல் பொன்னிறமாக வருகிறது. நான் செய்தால் சாம்பல் நிறத்தில் தண்ணீர் விட்டுக்கொண்டு, ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது. இரண்டு பாக்கெட் பட்டன் காளானைக் கழுவி நறுக்கி, வெங்காயம் வதங்கும்போதே கொட்டி, உப்பும் போட்டுவிடுவேன். எண்ணெய் தெறித்தால் மாமியார் முணுமுணுப்பார், 71 வயதிலும் மேடையை அவர்தான் துடைக்கிறார். அதனால் மூடி போட்டுத்தான் சமைப்பேன். வேறு கடையில் காளான் வாங்கிப் பார்க்கலாமா? - ஒரு வாசகி, திருச்சி

பதில்: கடையை மாற்றி ஒன்றும் ஆகப்போவதில்லை. இதே புலம்பலோடு எனக்கு மாதம் தவறாமல் கடிதம் வருகிறது, எல்லோரும் காளானைத்தான் குறை சொல்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் காரணத்தையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள், அதுவும் போகிற போக்கில். நீங்கள் சமைக்கிறீர்கள். சிதறிய எண்ணெயை 71 வயதுக்காரர் குனிந்து துடைக்கிறார். அவர் முணுமுணுக்கிறார் என்பது உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது, துடைக்கிறார் என்பது படவே இல்லை. அவர் வாயை அடைக்க ஒரு மூடி! அந்த மூடிதான் உங்கள் காளானை வேகவைத்துக் கெடுக்கிறது.

பட்டன் காளானில் 100க்கு 90 பங்கு தண்ணீர். இரண்டு பாக்கெட் என்றால் 400 கிராம், அதில் 360 கிராம் வெறும் தண்ணீர்தான். சூடு பட்டதும் அது வெளியே வரத்தான் செய்யும். வந்த வேகத்தில் ஆவியாகப் போய்விட்டால் காளான் சிவக்கும். போக வழியில்லாமல் வாணலியிலேயே தேங்கினால், அடுப்பை எவ்வளவு கூட்டி வைத்தாலும் அந்தத் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் ஏறாது. பொன்னிறம் பிடிக்க ஏறக்குறைய 140 டிகிரியாவது வேண்டும். நீங்களோ மூடி போட்டு, ஆவியை அதன்மேல் தட்டவைத்து, திரும்பவும் சொட்டுச் சொட்டாக உள்ளே விழ வைக்கிறீர்கள். அது வறுவல் இல்லை, அவியல்.

மூடியை எடுத்தால் மட்டும் போதாது. 400 கிராமையும் ஒரே தடவையில் கொட்டினால் ஒன்றின்மேல் ஒன்று குவிந்து, மேலே இருப்பது அடியில் இருப்பதன் ஆவியில் வேகும். ஈரமான அவ்வளவு காளான் விழுந்ததும் வாணலியின் சூடும் படுத்துவிடும். இட்லியை ஈடு ஈடாக எடுப்பதில்லையா? இதையும் இரண்டு ஈடாக எடுங்கள்.

முதலில் காளானைத் தண்ணீரில் ஊறவிடாமல் சட்டென்று அலசி, துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். கழுவினால் காளான் தண்ணீரைக் குடித்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அது உறிஞ்சுவது கொஞ்சம்தான். மேலே ஒட்டிய ஈரம்தான் எண்ணெயைத் தெறிக்க வைக்கிறது. ஆக, மாமியாரின் புகாரில் பாதி இந்தத் துணியிலேயே தீர்ந்துவிடும். அப்புறம் சுண்டுவிரல் கனத்துக்கு நறுக்குங்கள். காகிதம் மாதிரி சீவினால் சுருங்கிக் காணாமல் போய்விடும்.

பத்து அங்குல இரும்பு வாணலியோ அடி அகலமான சட்டியோ இருந்தால் எடுங்கள். குழியான கடாய் வேண்டாம், எல்லாம் நடுவில் வந்து குவியும். வெறும் சட்டியைப் பெரிய தீயில் இரண்டு மூன்று நிமிடம் காயவிட்டு ஒரு சொட்டுத் தண்ணீர் தெளியுங்கள், துள்ளி ஓடி மறைய வேண்டும். (நான்ஸ்டிக் என்றால் வெறுமனே காயவிடாதீர்கள், எண்ணெய் விட்டு மிதமான தீயில் சூடாக்குங்கள். நிறம் கொஞ்சம் தாமதமாக வரும்.) இரண்டு டீஸ்பூன் எண்ணெய் விட்டு, அது பளபளத்து ஓடும்போது ஒரு பாக்கெட் காளானை மட்டும் ஒரே அடுக்காகப் பரப்புங்கள். இடையிடையே சட்டியின் அடி தெரிய வேண்டும்.

அடுத்ததுதான் நம் பெண்களால் முடியாத காரியம்: சும்மா நிற்பது. கரண்டியைக் கீழே வையுங்கள். இரண்டு மூன்று நிமிடம் தொடவே கூடாது, கிளறக் கிளறச் சூடு பிடிக்காது. சத்தத்தைக் கவனியுங்கள். 'சுர்ர்' என்று விடாமல் கேட்டால் சரியாகப் போகிறது. 'களகள' என்று கொதிக்கிற சத்தம் வந்தால் தண்ணீர் தேங்கிவிட்டது. ஒரு துண்டைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் நிறமும் நடுவில் வெள்ளையுமாக இருந்தால் இன்னும் ஒரு நிமிடம் விடுங்கள், முகம் முழுக்கப் பழுப்பாக இருந்தால் மொத்தத்தையும் புரட்டிவிட்டு அந்தப் பக்கத்துக்கும் இரண்டு மூன்று நிமிடம் கொடுங்கள். பாதியாகச் சுருங்கியிருக்கும், அதுதான் கணக்கு. தட்டில் கொட்டிவிட்டு, கொஞ்சம் எண்ணெய் விட்டு, சட்டி மறுபடி காய்ந்த பிறகே அடுத்த பாக்கெட்டைப் போடுங்கள்.

இதுவரை உப்பு சேர்க்கச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஆரம்பத்திலேயே போட்ட உப்பு தண்ணீரை இழுத்து வெளியே விடும். வெங்காயமும் தன் பங்குக்குத் தண்ணீர் விடும். அதனால் இரண்டு ஈடும் முடிந்த பிறகு அதே சட்டியில் வெங்காயம், கறிவேப்பிலை, பச்சைமிளகாயைத் தனியாக வதக்கி, காளானைக் கடைசியில் சேர்த்து, உப்பும் மிளகுத்தூளும் தூவி அரை நிமிடம் புரட்டி இறக்குங்கள். எல்லாம் சேர்த்து இருபது நிமிடம் ஆகும்.

ஓட்டல் காளானோடு ரொம்ப ஒப்பிடவும் வேண்டாம். அங்கே பல இடங்களில் சோளமாவில் புரட்டி எண்ணெயில் முக்கிப் பொரிக்கிறார்கள், அந்த நிறத்தில் பாதி மாவினுடையது.

ஒருநாள் அவசரத்தில் மொத்தமாகக் கொட்டி, தண்ணீரும் தேங்கிவிட்டால் அதை வடித்துக் கொட்டாதீர்கள், ருசி அதில்தான் இருக்கிறது. மூடாமல் பெரிய தீயில் வையுங்கள். தண்ணீர் வற்ற வற்றக் கொதிக்கிற சத்தம் அடங்கி மறுபடி 'சுர்ர்' கேட்கும். அப்போது ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டால் தாமதமாகவேனும் சிவக்கும். கத்தரிக்காய் என்றால் இதற்குள் குழைந்திருக்கும். காளானின் செல்சுவர் சூட்டில் எளிதில் கரையாது, அதனால் அது தாங்கும். நீங்கள் ரப்பர் என்கிறீர்களே, அது தண்ணீர் வற்றுமுன் இறக்கியதால் வந்தது.

இனி அந்த மேடை. ஈரம் துடைத்த காளானும் இரண்டு டீஸ்பூன் எண்ணெயும் முன்பு போலத் தெறிக்காது, ஆனாலும் நாலு சொட்டு விழத்தான் செய்யும். அதைத் துடைக்க வேண்டியது சமைத்தவர், இல்லையென்றால் உட்கார்ந்து சாப்பிட்டவர். கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவருக்குக் கை இருக்கிறதா, இல்லையா? பெற்ற தாய் 71 வயதில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக்கொண்டிருக்க, மகன் தட்டுக்குக் காத்திருப்பதை நான் குடும்பம் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். மருமகள் பார்த்துக்கொண்டிருப்பதையும்தான். வயதானவர்கள் தானாக ஒரு வேலையை இழுத்துப் போட்டுச் செய்கிறார்கள் என்றால், அதை வீட்டில் வேறு யாரும் செய்யவில்லை என்று அர்த்தம். இன்றைக்கே துணியை அவர் கையிலிருந்து வாங்கிவிடுங்கள்.

முதல் ஈடு தட்டில் விழுந்ததும் இரண்டாவதுக்காகக் காத்திருக்காமல், கொஞ்சம் உப்பும் மிளகும் தூவி அவருக்குச் சுடச்சுடக் கொடுத்துவிடுங்கள். மீதியை ஹாட்பாக்ஸில் போட்டு மூடாதீர்கள், பத்து நிமிடத்தில் வியர்த்து நமத்துப்போகும். அகலமான தட்டில் திறந்தே வையுங்கள்.