பாதி தடித்தால் முறுக்கு எவ்வளவு குறையும்?

வணக்கம் சார். நான் குளச்சல் பக்கம், டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கிறேன். எங்கள் விசைப்படகின் புரொப்பல்லர் ஷாஃப்ட் 40 மி.மீ., நீளம் 2 மீட்டர். இன்ஜின் பக்கத்து ஒரு மீட்டர் தேய்ந்துவிட்டதால் அப்பா அந்தப் பாதியை மட்டும் 50 மி.மீ. ஆக்கி, கப்ளிங் போட்டுச் சேர்த்துவிட்டார். "இனி இது 45 ஷாஃப்ட் மாதிரிதான்" என்கிறார் லேத் அண்ணன். என் புத்தகத்திலோ, இரண்டு ஷாஃப்ட் சேர்ந்தால் விறைப்பைக் கூட்டு என்று ஓரிடத்திலும், தலைகீழாக்கிக் கூட்டு என்று இன்னோரிடத்திலும் இருக்கிறது. எங்கள் ஷாஃப்டுக்கு எது சார்?
எஸ்., குளச்சல்

அன்புள்ள எஸ்.,

லேத் அண்ணன் சொன்னது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முறுக்கு விஷயத்தில் விட்டத்தைச் சராசரி எடுக்க முடியாது. உருண்டைக் கம்பியின் முறுக்கு விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 40-க்கும் 50-க்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம் கால் பங்குதான். விறைப்பில் அது 1.25 × 1.25 × 1.25 × 1.25, அதாவது 2.44 மடங்கு.

உங்கள் ஷாஃப்ட்டையே கணக்குப் போடுவோம். 500 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரும்பின் விறைப்புக் குணகம் G ஏறத்தாழ 80 ஜிகாபாஸ்கல். 40 மி.மீ. கம்பி ஒரு மீட்டருக்கு 1.43 பாகை முறுகும், 50 மி.மீ. கம்பி 0.58 பாகை. இன்ஜின் கொடுக்கும் விசை முதலில் தடித்த பாதி வழியாகப் போய், அப்புறம் மெலிந்த பாதி வழியாகப் புரொப்பல்லரைச் சேர்கிறது. வழியில் எங்கும் பிரிவதில்லை. அதனால் இரண்டு பாதியும் முழு 500-ஐயும் தாங்கியாக வேண்டும், இரண்டின் முறுக்கமும் கூடும்: 2.01 பாகை. நீங்கள் படித்த "தலைகீழாக்கிக் கூட்டு" இதுதான், k என்பது விறைப்பு.

1/k = 1/k1 + 1/k2

பழைய முழு 40 ஷாஃப்ட் 2.85 பாகை முறுகியிருக்கும். ஆக, ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைந்திருக்கிறது. லேத் அண்ணனின் 45 கணக்குப்படி 1.78 வந்திருக்க வேண்டும். அந்த அளவுக்கு வரவில்லை. அந்தப் பாதியை 50-க்குப் பதில் 100 மி.மீ. போட்டிருந்தாலும் மொத்த முறுக்கம் 1.43-க்குக் கீழே இறங்காது. அது மெலிந்த பாதியின் பங்கு. தடித்தவன் எவ்வளவு தடித்தாலும் அதைக் குறைக்க முடியாது.

பட்டறையில் வாய்க்கணக்காகப் போட ஒரு வழி உண்டு. 50-ஐ 40-ஆக மாற்றிப் பாருங்கள்: ஒரு மீட்டர் 50 கம்பி, முறுக்கத்தில் 41 செ.மீ. 40 கம்பிக்குச் சமம் (ஒன்றை 2.44-ஆல் வகுத்தது). ஆக உங்களிடம் இருப்பது 1.41 மீட்டர் நீள 40 ஷாஃப்ட். இதை நினைவில் வைத்தால் கால்குலேட்டர் தேவையில்லை.

இனி "கூட்டு" எப்போது? இரண்டு கம்பியும் ஒரே கோணம் முறுகியே ஆக வேண்டும், விசை இரண்டுக்கும் பிரிந்து போகும் என்றால் கூட்டு. அப்போது

k = k1 + k2

ஒரு கம்பிமேல் பைப் செருகி இரண்டு முனையிலும் வெல்டு அடித்தால் இப்படித்தான். இதில் பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. உங்கள் ஷாஃப்டையே கழற்றிக் கொண்டுவந்து, இரண்டு வெளி முனைகளையும் அசையாமல் பிடித்து, நடுவில் கப்ளிங்கைத் திருகுங்கள். பார்வைக்கு இன்னும் நுனியோடு நுனி சேர்ந்ததுதான். ஆனால் கப்ளிங் திரும்பும் அதே கோணம்தான் இரண்டு பாதிக்கும். ஆகவே இது பக்கத்தில் பக்கமாக வைத்த கணக்கு! கம்பிகள் கிடக்கும் விதத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், விசை போகும் வழியைப் பாருங்கள். அந்த நிலையில் 500-க்கு முறுக்கம் வெறும் 0.41 பாகை, தடித்தது சுமார் 355, மெலிந்தது 145 என்று பங்கு போட்டுக்கொள்ளும். அதே இரும்பு, அதே நீளம், விறைப்பு கிட்டத்தட்ட ஐந்து மடங்கு.

எது முதலில் உடையும் என்பதும் இங்கே தலைகீழாகிறது. உங்கள் படகில் இருப்பதுபோல் வரிசையாகச் சேர்ந்தால் மெலிந்ததில் தகைவு சுமார் 40 மெகாபாஸ்கல், தடித்ததில் 20. இணையாக வேலை செய்யும்போது மெலிந்ததில் 12-க்குச் சற்றுக் குறைவு, தடித்ததில் 14-க்குச் சற்று மேல். ஒரே கோணம் முறுகும்போது மேல்தோல் மையத்திலிருந்து தள்ளி இருப்பவன்தான் அதிகம் இழுபடுகிறான். தடித்தது பத்திரம் என்று எல்லா இடத்திலும் நம்ப முடியாது.

சந்தேகமாக இருந்தால் அளந்தே பார்க்கலாம். நம் மேற்குக் கரைப் பக்கம் ஜூன், ஜூலையில் தடைக்காலம், படகு கரையேறும். இன்ஜின் பக்க முனையை இறுகப் பிடித்து, மறுமுனையைப் பேரிங்கில் தாங்கி, அங்கே ஒரு மீட்டர் நீள நெம்புகோல் வைத்து 51 கிலோ தொங்கவிட்டால் 500 நியூட்டன் மீட்டர் கிடைக்கும். நெம்புகோலே வளையும், அதனால் அதன் நுனியைப் பார்த்து அளக்காதீர்கள். அதே முனையில் சுமை இல்லாத இன்னொரு ஒரு மீட்டர் கம்பியைக் குறுக்கே கட்டி, அதன் நுனி எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 35 மி.மீ. வரவேண்டும்.

ஆரம்பத்தில் நான் இதை அளந்தபோது கணக்குக்கு மேல் ஒன்றரை மடங்கு வந்தது. இரும்பு சரியில்லை என்று கம்பி விற்றவரோடு சண்டைக்கே போய்விட்டேன். கடைசியில் கப்ளிங் கீ லூஸ். அதனால் பாதிச் சுமை, முழுச் சுமை என்று இரண்டு தடவை அளவெடுங்கள். இரண்டாவது பாதிச் சுமைக்கு 17 அல்லது 18 மி.மீ. இறங்கி, முதல் பாதிச் சுமைக்கு அதைவிட அதிகம் இறங்கியிருந்தால், அந்த உபரி கீயின் ஆட்டம். கம்பியின் முறுக்கம் சுமை ஏறும் அதே விகிதத்தில்தான் ஏறும்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். பழைய கப்ளிங்கிலேயே செருகுவதற்காக 50 கம்பியின் முனையை 40-ஆகக் கடைந்திருக்கிறாரா? கடைந்த நீளம் 40 கணக்கில்தான் சேரும், அது பரவாயில்லை. படி விழும் மூலையை டூல் கூராக விட்டிருந்தால்தான் கவலை, விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். அங்கே ரேடியஸ் போடச் சொல்லுங்கள். அப்பா அடுத்த பாதியையும் 50 ஆக்கினால் மொத்த முறுக்கம் 1.17 பாகைக்கு வந்துவிடும். ஆனால் அதற்கு ஸ்டெர்ன் டியூப் புஷ்ஷும் புரொப்பல்லர் துளையும் மாற வேண்டியிருக்கும். செலவு கம்பியில் இல்லை, அங்கேதான். விறைப்புக்காக விலை கூடிய ஸ்டெயின்லெஸ் வாங்கச் சொன்னால் மட்டும் தலையாட்டாதீர்கள். துருவுக்கு அது நல்லது, ஆனால் அதன் G சாதா இரும்பைவிடக் கூடுதல் கிடையாது.