ஜெர்மனில "வீட்ல ஆளில்ல"ன்னு சீட்டு வந்துச்சா? புகார் மெயில் பத்தி கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, ம்யூனிக்ல இருக்கேன். கூரியர் சீட்டை போட்டோ எடுத்து போன்ல மொழிபெயர்த்தா பார்சலை பக்கத்து வீட்ல குடுத்ததா வருது, அங்க கேட்டா இல்லங்கறாங்க. திருட்டுன்னு மெயில் அடிக்கவா?

பதில்: கொஞ்சம் பொறுங்க. உங்க போட்டோவை பெருசாக்கி பாத்தேன், பக்கத்து வீட்ல குடுத்தாச்சு, கடையில வச்சிருக்கோம் வந்து வாங்கிக்கங்க, மறுபடி வர்றோம்னு எல்லாமே அதுல முன்னாடியே அச்சடிச்சிருக்கு, வந்தவர் ஒரு கட்டத்துல மட்டும் பேனாவால டிக் போட்டிருக்கார். போன் அச்செழுத்தை பூரா மொழிபெயர்த்துட்டு டிக்கை விட்டுடுச்சு. டிக் இருக்கறது கடைன்ற கட்டத்துல. இன்னொண்ணு, கடையில வந்து வாங்கிக்கலாம்னு எழுதின தேதியை போன் 17ன்னு சொல்லுது, உண்மையில அது 11. அங்க 1-ஐ நீளமா கொம்பு வச்சு எழுதுவாங்க, நமக்கு 7 மாதிரியே தெரியும், அவங்க 7-ல நடுவுல குறுக்குக்கோடு இருக்கும். கடையில வழக்கமா ஒரு வாரம் போலத்தான் வச்சிருப்பாங்க, அதனால 17 வரைக்கும் காத்திருக்காம நாளைக்கே போங்க, பாஸ்போர்ட்டும் சீட்டும் கையில இருக்கட்டும்.

கேள்வி: கிடைச்சிடுச்சு அண்ணா! ஆனா அன்னிக்கு நான் வீட்லதான் இருந்தேன், பெல்லே அடிக்கல. அதுக்கு மெயில் போடலாம்ல?

பதில்: தாராளமா போடுங்க, ஆனா முதல்ல கீழ போய் பெல் பலகைய பாருங்க. அங்க நிறைய கட்டடத்துல வீட்டு நம்பரே கிடையாது, பேரை வச்சுத்தான் தேடுவாங்க. நம்ம ஆளுங்களுக்கு பார்சல்ல ஒரு பேரு, பெல்லுல அப்பா பேரு, இல்லன்னா பழைய குடித்தனக்காரர் பேருன்னு இருக்கும். பேரு சரியா இருந்தா மெயில்ல பார்சல் நம்பர், சீட்டுல எழுதின தேதி, நேரம், டிக் போட்ட கட்டம், பெல்லுல இருக்கற பேரு இதெல்லாம் எழுதி, "அந்நேரம் வீட்ல இருந்தேன், பெல் அடிக்கல, இனிமே வீட்டுக்கே கொண்டு வரணும், எழுத்துல பதில் வேணும்"னு முடிச்சிடுங்க. மொழிபெயர்ப்பு ஸ்கிரீன்ஷாட் வேணாம், மூலச் சீட்டோட போட்டோவை இணைங்க. சின்ன சின்ன வாக்கியமா எழுதி ஜெர்மனுக்கு மாத்திட்டு, அதை திருப்பி தமிழுக்கு மாத்திப் பாருங்க, எங்க கோணுதுன்னு தெரிஞ்சிடும்.

கேள்வி: பார்சல் தொலஞ்சா கூரியர்காரங்கதானே காசு தரணும், வித்த கடைக்கு என்ன சம்பந்தம்?

பதில்: பாதி சரி. கடைகிட்ட நீங்க சொந்த உபயோகத்துக்கு வாங்கினதுன்னா, உங்க கைக்கு வந்து சேர்ற வரைக்கும் பொறுப்பு வித்தவங்களோடது, அதனால முதல் மெயில் அவங்களுக்கு. நண்பர் அனுப்பினதுன்னா அவரையே கூரியர்ல தேடச் சொல்லுங்க.

கேள்வி: எனக்கும் இப்டி வந்துச்சு, எஸ்எம்எஸ்ல லிங்க், 2 யூரோ கட்டினா கொண்டு வருவாங்களாம்.

பதில்: அது நாம பேசற சீட்டு இல்லங்க, ஏமாத்து வேலை. லிங்க்கை தொடாதீங்க.

கேள்வி: பெல்லுல பேரு சரியாத்தான் இருக்கு, வந்தவர் மாடி ஏற சோம்பல்பட்டு சீட்டு போட்டிருந்தா எப்படி நிரூபிக்கறது?

பதில்: ஒரு தடவைக்கு முடியாதுங்க, அவர் சொல்லு ஒண்ணு, உங்க சொல்லு ஒண்ணு. அதே கட்டடத்துல இன்னும் ரெண்டு பேருக்கு நடந்திருந்தா தேதியோட சேர்த்து ஒரே மெயிலா அனுப்புங்க. எனக்கு அப்படி அனுப்பினப்ப பதில் வந்துச்சு, தனியா அனுப்பினப்ப வரல.