ஸ்டோர்ஸ் லெட்ஜரில் தேங்கிய சரக்கைக் கண்டுபிடிப்பதும் அதற்கு ஒதுக்கீடு போடுவதும்

கேள்வி: ஸ்பின்னிங் மில்லில் ஸ்டோர்ஸ் கணக்கு பார்க்கிறேன். ஸ்டாக் டர்ன்ஓவர் 4 வருகிறது, நல்ல எண்தானே? ஆனாலும் ஸ்லோ மூவிங், ஆப்சலீட் ஐட்டங்களுக்கு ப்ரொவிஷன் போடச் சொல்கிறார் ஆடிட்டர். லெட்ஜரை வைத்து அதை எப்படி முடிவு செய்வது?

பதில்:

4 என்பது மொத்த ஸ்டோர்ஸுக்கான எண். அதை வைத்து ஒதுக்கீட்டைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. மில் ஸ்டோர்ஸ்களின் வருடக் கடைசிக் கணக்கைப் பார்ப்பதுதான் என் வேலை என்பதால், நான் லெட்ஜரை வாசிக்கும் முறையை ஒரு மாதிரிக் கணக்கோடு சொல்கிறேன்.

வருட ஆரம்ப இருப்பு 38 லட்சம், கடைசி இருப்பு 42 லட்சம், வருடத்தில் இஷ்யூ ஆனது 160 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். சராசரி இருப்பு 40 லட்சம், டர்ன்ஓவர் 4. ஏறக்குறைய மூன்று மாத உபயோகத்துக்கான சரக்கு கையில் இருக்கிறது என்று அர்த்தம். மேலே பார்க்கக் குறை ஒன்றும் தெரியாது.

இப்போது அதே லெட்ஜரை இரண்டாகப் பிரியுங்கள். பேப்பர் கோன், பாலித்தீன் பை, அட்டைப்பெட்டி, ரிங் டிராவலர், எண்ணெய் என்று தினமும் போகிற ஐட்டங்கள் ஒரு பக்கம். இவற்றின் இஷ்யூ 150 லட்சம், சராசரி இருப்பு 15 லட்சம், டர்ன்ஓவர் 10. மெஷின் ஸ்பேர்களும் மற்றவையும் இன்னொரு பக்கம். அங்கே இஷ்யூ 10 லட்சம், சராசரி இருப்பு 25 லட்சம், டர்ன்ஓவர் 0.4. அதாவது இருக்கிற ஸ்பேர் தீர இரண்டரை வருடம் ஆகும். பணத்தில் பாதிக்கு மேல் முடங்கியிருப்பது இந்தப் பக்கம். பேக்கிங் சாமான் வேகமாக ஓடுவதால் மொத்த எண்ணில் இது மறைந்துவிடுகிறது. ஆடிட்டர் கேட்பது இந்த 25 லட்சத்தைப் பற்றித்தான்.

எண்ணைப் போடும்போதே ஒன்றைக் கவனியுங்கள். இஷ்யூ காலத்தில் இருப்பதெல்லாம் உபயோகம் ஆகாது. இன்னொரு யூனிட்டுக்கு மாற்றியது, சப்ளையருக்குத் திருப்பி அனுப்பியது, எண்ணிப் பார்த்துக் குறைவுக்குப் போட்ட அட்ஜஸ்ட்மென்ட் எல்லாம் பல சாஃப்ட்வேர்களில் அதே காலத்தில்தான் வந்து விழும். அவற்றைக் கழித்துவிட்டு, டிபார்ட்மென்டிலிருந்து ரிட்டர்ன் வந்ததையும் கழித்த நிகர உபயோகத்தை எடுக்க வேண்டும்.

அப்புறம் ஐட்டம் ஐட்டமாகப் போக வேண்டும். மூன்று ஐட்டங்களை எடுத்துக்கொள்கிறேன், ஒவ்வொன்றுக்கும் முடிவு வேறு.

முதலாவது, பழைய ரிங் ஃபிரேமுக்கான ஸ்பிண்டில் போல்ஸ்டர். அந்த ஃபிரேம்களை மில் 2021-லேயே விற்றுவிட்டது. ஸ்பேர் மட்டும் ரேக்கில் தங்கிவிட்டது. லெட்ஜர் பக்கம் இப்படி இருக்கிறது:

```
தேதி         விவரம்            வரவு   இஷ்யூ   இருப்பு
01-04-2024   ஆரம்ப இருப்பு                     240
28-03-2025   பராமரிப்பு                 40     200
04-04-2025   ரிட்டர்ன்          40             240
```

‘ஒரு வருடத்துக்கு மேல் அசையாதவை’ என்று ரிப்போர்ட் எடுத்தால் இந்த ஐட்டம் அதில் வராது. மார்ச் 28-ல் அசைந்திருக்கிறதே! ஆனால் நிகர உபயோகம் பூஜ்யம். அதனால் கடைசி இஷ்யூ தேதியை மட்டும் நம்பக் கூடாது. அடுத்த வருடத்தின் ஏப்ரல் பக்கத்தையும் சேர்த்துப் புரட்ட வேண்டும். மார்ச் கடைசியில் இஷ்யூ ஆகி ஏப்ரல் முதல் வாரத்தில் திரும்பிய ஐட்டங்களை நான் தனிப் பட்டியலாகவே எடுப்பேன். ஒரு வேலைக்காக வாங்கிப்போய் அது தள்ளிப்போனதால் திருப்பியிருக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் ஓடுகிற மெஷினே இல்லாத ஸ்பேர் எதற்கு வெளியே போனது என்று மெயின்டனன்ஸில் கேட்டுத்தான் ஆக வேண்டும். அந்த 40-ம் உபயோகமாகாமல் ஃப்ளோரில் கிடந்தவை, ஆகவே மார்ச் 31 இருப்பு 240 என்றுதான் எடுக்க வேண்டும், 200 அல்ல.

இது சந்தேகமில்லாமல் ஆப்சலீட். லெட்ஜர் விலை ஒன்று ₹900, மொத்தம் ₹2,16,000. இதே மாடல் ஃபிரேம் ஓட்டுகிற வேறு மில்களுக்குப் பழைய ஸ்பேர் விற்கும் வியாபாரி ஒன்றுக்கு ₹150 தருவதாக எழுதிக் கொடுத்தால், கைக்கு வரக்கூடியது ₹36,000. ஒதுக்கீடு ₹1,80,000. அந்தக் கொட்டேஷனை ஃபைலில் வையுங்கள். ஆடிட்டர் கேட்கும் ஆதாரம் அதுதான்.

இரண்டாவது, ரிங் ஃபிரேம் உருளைகள் மேல் மாட்டும் ரப்பர் உறைகளான காட்ஸ். என் அனுபவத்தில் ஆட்கள் அதிகம் தவறவிடுவது இந்த வகையைத்தான், ஏனென்றால் இது மாதாமாதம் அசைகிறது. ஒரு குறிப்பிட்ட அளவு காட்ஸ், சில ஃபிரேம்களுக்கு மட்டும் போவது. 2023 ஜனவரி ஆரம்பத்தில் 2,000 இருந்தது. மொத்தமாக வாங்கினால் விலை குறைவு என்று அந்த மாதம் 65,000 வாங்கினார்கள். மாதம் 1,000 வீதம் 27 மாதத்தில் 27,000 போக, 31-03-2025-ல் இருப்பு 40,000. விலை ஒன்று ₹25, மொத்தம் 10 லட்சம். கடைசி இஷ்யூ அதே மார்ச் மாதம்தான். தேதியை வைத்துப் பார்த்தால் இது ஓடுகிற ஐட்டம்.

இதற்கு இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இருப்பதன் வயது என்ன? கடைசி இருப்பிலிருந்து தொடங்கி, சமீபத்திய வரவுகளைப் பின்னோக்கிக் கூட்டிக்கொண்டே போங்கள். இருப்பு எந்த வரவுகளுக்குள் அடங்குகிறதோ அவைதான் இப்போது கையில் இருப்பவை. இங்கே 40,000-மும் 2023 ஜனவரி வரவிலேயே அடங்கிவிடுகிறது. சராசரி விலையில் ஓடும் லெட்ஜர் இந்த வயதைக் காட்டாது, நாம்தான் கணக்குப் போட வேண்டும். அடுத்து, இது தீர எவ்வளவு காலம் ஆகும்? 40,000-ஐ 1,000-ஆல் வகுத்தால் 40 மாதம். டர்ன்ஓவர் போன வருடத்தைச் சொல்கிறது. ஒதுக்கீட்டுக்கு வேண்டியது இனி வரும் மாதங்களின் தேவை. அந்த ஃபிரேம்களில் பாதியை அடுத்த வருடம் நிறுத்தப்போகிறார்கள் என்றால் 40 மாதம் 80 மாதமாகிவிடும், ஆகவே இந்தக் கேள்வியை புரொடக்ஷனிடமும் கேளுங்கள்.

ரப்பர் ரேக்கில் இருந்தாலே கெட்டிப்படும், மேற்பரப்பில் வெடிப்பு விடும். அந்த மாதிரி காட்ஸைப் போட்டால் நூல் தரம் கெடும் என்று ஸ்பின்னிங் மாஸ்டர் தள்ளிவிடுவார். பழைய பெட்டியிலிருந்து சிலவற்றை எடுத்து ஷோர் ஹார்ட்னஸ் பார்க்கச் சொல்லுங்கள். வாங்கியபோது இருந்த அளவோடு ஒப்பிட்டு, சப்ளையர் சொல்லும் ஆயுளையும் பார்த்து, இன்னும் 18 மாதம் பயன்படும் என்று மெயின்டனன்ஸ் எழுத்தில் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். 18,000 உபயோகமாகும், மீதி 22,000 வீணாகும். பழைய காட்ஸுக்கு விலை கிடைக்காது என்றால் ஒதுக்கீடு ₹5,50,000. இது ஸ்லோ மூவிங் ஒதுக்கீடு: ஐட்டம் உயிரோடுதான் இருக்கிறது, தேவைக்கு மேலுள்ள பகுதிக்கு மட்டும் போடுகிறோம்.

மூன்றாவது, கார்டிங் மெஷினின் எலெக்ட்ரானிக் கார்டு. ஒன்றே ஒன்று, ₹3 லட்சம், நான்கு வருடமாக இஷ்யூ இல்லை. வயதை மட்டும் பார்க்கும் கம்பெனிப் பாலிசியில் இதற்கு முழு ஒதுக்கீடு விழும். அது தவறு. மெஷின் ஓடுகிறது, இது பழுதானால் வெளிநாட்டிலிருந்து வர மாதக்கணக்கில் ஆகும், அதற்காகத்தான் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். அசையாமல் இருப்பதே இதன் வேலை. இங்கே பார்க்க வேண்டியது, இது சரக்கா சொத்தா என்பது. ஒரு வருடத்துக்கு மேல் பயன்படும், சொத்துக்கான இலக்கணத்தில் அடங்கும் ஸ்பேர் என்றால், கணக்கியல் தரநிலை ஏஎஸ் 10-ன்படி அது இன்வென்டரியிலிருந்து வெளியேறி நிலைச் சொத்தில் சேர வேண்டும். அங்கே தேய்மானம் போடுவோம், ஒதுக்கீடு தேவைப்படாது. அந்த மெஷினை விற்கும் நாளில் இதுவும் போல்ஸ்டர் மாதிரி ஆகிவிடும், அதனால் மெஷின் விற்பனைப் பட்டியல் ஸ்டோர்ஸுக்கு வந்து சேர ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசி இஷ்யூ ஆகி ஒரு வருடம் தாண்டினால் 25 சதவீதம், இரண்டு தாண்டினால் 50, மூன்று தாண்டினால் முழுசாக என்று பல கம்பெனிகள் ஒரு அட்டவணை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கணக்கியல் தரநிலை எதிலும் அந்தச் சதவீதம் இல்லை. ஏஎஸ் 2 சொல்வது அடக்க விலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை, இரண்டில் குறைந்தது என்பதைத்தான். அதையும் சாதாரணமாக ஐட்டம் வாரியாகப் பார்க்க வேண்டும். உற்பத்திக்காக வைத்திருக்கும் பொருளின் சந்தை விலை குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் அதைக் குறைக்க வேண்டியதில்லை, அது சேரும் சரக்கு அடக்க விலைக்கோ அதற்கு மேலோ விற்கும் என்றால். உங்கள் பேப்பர் கோன் விலை இறங்கினால் கவலைப்பட வேண்டாம் என்பது இதனால்தான். சதவீத அட்டவணையை எந்த ஐட்டத்தை முதலில் விசாரிப்பது என்று பிரிக்க வைத்துக்கொள்ளுங்கள், தொகையை அதைக்கொண்டு முடிவு செய்யாதீர்கள். மேலே அட்டவணை போட்டிருந்தால் எலெக்ட்ரானிக் கார்டில் 3 லட்சம் விழுந்து, கடைசி இஷ்யூ தேதி புதிதாக இருக்கும் போல்ஸ்டரிலும் காட்ஸிலும் ஒரு ரூபாய்கூட விழுந்திருக்காது. உண்மையில் தேவை அந்த இரண்டுக்கும் சேர்த்து ₹7,30,000.

பதிவு எளிது. லாப நஷ்டக் கணக்கில் டெபிட், சரக்கு மதிப்புக் குறைவு ஒதுக்கீடு என்ற தனிக் கணக்கில் கிரெடிட். ஸ்டோர்ஸ் லெட்ஜரில் எண்ணிக்கையையும் விலையையும் தொடாதீர்கள். பொருள் இன்னும் ரேக்கில்தான் இருக்கிறது, அங்கே இருப்பை எழுதிவைக்கும் பின் கார்டும் லெட்ஜரும் ஒத்துப்போக வேண்டும். விற்கும் நாளில் ஒதுக்கீட்டைத் திருப்பிக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஜிஎஸ்டியையும் பார்த்துவிடுங்கள். சிஜிஎஸ்டி சட்டம் பிரிவு 17(5)(h)-ன்படி, அழிந்த அல்லது ரைட் ஆஃப் செய்த சரக்குக்கு எடுத்த இன்புட் கிரெடிட்டைத் திருப்ப வேண்டும். வெறும் ஒதுக்கீடு ரைட் ஆஃப் அல்ல. அதனால் பதிவின் விவரத்தில் ‘ரைட் ஆஃப்’ என்று எழுதிவைத்து நீங்களாகவே சிக்கலை வரவழைத்துக்கொள்ளாதீர்கள். போல்ஸ்டரை வரி போட்டு வியாபாரிக்கு விற்றால் கிரெடிட்டைத் திருப்பும் பேச்சே வராது. காட்ஸை எரிக்கவோ குப்பையில் போடவோ முடிவெடுத்தால், அந்த 22,000 காட்ஸுக்கு 2023-ல் எடுத்த கிரெடிட்டை அந்த மாதமே திருப்பக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.