ஐந்தாம் கட்டம்: முதலாண்டு சைக்காலஜி கேள்வி பதில்

காட்பாடி மாணவி: அக்கா, உளவியலாளர் எரிக்சன் சொன்ன ஐந்தாம் கட்டம், அதான் 'நான் யார்'னு அடையாளம் தேடுற பருவம், 12லிருந்து 18 வயசு வரைன்னு நோட்ஸில் இருக்கு. 18 முடிஞ்சா அடையாளம் கிடைச்சிடும்னு எழுதலாமா?

அப்படி எழுதினால் மார்க் போகும். அந்த வயதெல்லாம் தோராயம்தான். எரிக்சன் சொன்னதை ஆராய 1966இல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் பேட்டி எடுத்ததே கல்லூரி மாணவர்களைத்தான், அவர்களிலும் பலர் இன்னும் முடிவுக்கு வந்திருக்கவில்லை. அப்புறம், எரிக்சன் 'நெருக்கடி' என்று சொல்வது திருப்புமுனையை. அதை ஆபத்து என்று எழுதிவிடாதீர்கள்.

ராணிப்பேட்டை மாணவர்: என் தம்பி எட்டாவதிலிருந்தே அப்பா மாதிரி தோல் தொழிலுக்குத்தான் போவேன்னு உறுதியா இருக்கான். அவன் அடையாளத்தை அடைஞ்சுட்டான், சரிதானே?

பாதி சரி. மார்சியா இரண்டு விஷயங்களைப் பார்த்தார்: தேடினானா, உறுதி கொண்டானா. உங்கள் தம்பியிடம் உறுதி இருக்கிறது. தேடினானா என்பது தெரியவில்லை. தேடாமலே வந்த உறுதிக்கு ஃபோர்க்ளோஷர் என்று பெயர். தேடிப் பார்த்து வந்தால்தான் அடைந்த அடையாளம். வேலை இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம், அதனால் வேலையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது.

அவனிடம், "வேறு எதையாவது யோசித்தாயா? எதனால் விட்டாய்?" என்று கேளுங்கள். "அப்பா செய்றார், அதான்" என்பதோடு பேச்சு நின்றால் ஃபோர்க்ளோஷர் பக்கம். "டிப்ளமோ விசாரிச்சேன், லீவில் ஷெட்டில் ஒரு மாசம் நின்னு பார்த்தேன், பதனிடுறதைவிட ஷூ டிசைன்தான் பிடிச்சுது" என்றால் அவன் தேடியிருக்கிறான். ஒரே பதிலை வைத்து முத்திரை குத்திவிட வேண்டாம். மார்சியா மதம், அரசியல் பற்றியும் கேட்டார். வேலையில் தேடியவன் அரசியலில் வீட்டுக் கட்சியிலேயே நிற்கலாம்.

வேலூர், ஒரு அப்பா: மேடம், பையன் பி.காம் விட்டுட்டு விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கணும்கிறான், போன வருஷம் போலீஸ் ஆகணும்னான். டாக்டர்கிட்ட காட்டணுமா?

சார், இது பரீட்சைக் கேள்விகளுக்கான இடம், இருந்தாலும் சொல்கிறேன். ஒவ்வொன்றையும் விசாரித்து, முயன்று பார்த்து மாறுகிறான் என்றால் அது தேடல் நிலை. எரிக்சன் அதை மோரட்டோரியம் என்றார். எதிலும் அக்கறையில்லாமல் நண்பன் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினால் அது வேறு, சிதறிய நிலை. கோர்ஸ் மாற்றுவதற்கு மட்டும் டாக்டர் வேண்டாம். தூக்கம், சாப்பாடு கெட்டு ஒதுங்கிப்போனாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ உடனே அழைத்துப் போங்கள்.

குடியாத்தம் மாணவி: எங்க வீட்டில் நர்சிங்னு முடிவு பண்ணிட்டாங்க, எனக்கும் பிடிச்சிருக்கு. மார்சியா கணக்கில் நான் குறைஞ்சவளா?

அவர் பேட்டி எடுத்தது அமெரிக்க ஆண்களை. குடும்பத்தோடு சேர்ந்து முடிவெடுக்கும் நம் வீடுகளுக்கு மார்சியாவின் இந்த நிலைகள் எவ்வளவு பொருந்தும் என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஃபோர்க்ளோஷர் ஆனவர்கள் பெரும்பாலும் கலங்குவதில்லை என்றும் கண்டிருக்கிறார்கள். பேப்பரில் இதை விமர்சனமாக எழுதுங்கள். உங்களை எந்த நிலையில் வைப்பது என்று எனக்கே தெரியவில்லை. வார்டுக்குப் போன முதல் மாதத்துக்குப் பிறகு வந்து சொல்லுங்கள்.