கிளினிக்குகளுக்கு மாதப் பராமரிப்பு மின்னஞ்சல்: "4 மணி நேரத்தில் பதில்" என்றால் என்ன?

புதுக்கடை: அண்ணா, மூன்று பேர் சேர்ந்து கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆரம்பித்திருக்கிறோம். சின்ன கிளினிக்குகளுக்கு அனுப்ப ஒரு மெயில் எழுதினோம். "மாதப் பராமரிப்பு, விரைவான சேவை, 4 மணி நேரத்தில் பதில்" என்று போட்டிருக்கிறோம். போதுமா?

போதாது தம்பி. "விரைவான சேவை"யை எடுத்துவிடுங்கள், அதை எல்லோரும் எழுதுகிறார்கள். "4 மணி நேரத்தில் பதில்" என்பதை மட்டும் பார்க்கலாம், ஏனென்றால் நாளைக்குச் சண்டை வரப்போவது அந்த வரியால்தான்.

ஒரு கிளினிக் காலை 9 முதல் 1 வரை, மாலை 5 முதல் 9 வரை நோயாளிகளைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆபீஸ் 10 முதல் 6 வரை. திங்கள் மாலை 5.40க்கு வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டரில் நோயாளி பதிவேடு திறக்கவில்லை, உங்களுக்குப் போன் செய்கிறார்கள். உங்கள் கணக்கில் அன்றைக்கு ஓடியது 20 நிமிடம்தான், 6 மணிக்குக் கடிகாரம் நின்றுவிடும். மீதி 3 மணி 40 நிமிடம் செவ்வாய் காலை 10க்குத் தொடங்கி மதியம் 1.40க்கு முடியும். நீங்கள் 1.30க்குப் போன் செய்தாலும் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டீர்கள். ஆனால் அதற்குள் கிளினிக்கில் ஒரு மாலையும் ஒரு காலையும் முழுசாகப் போய்விட்டன. டாக்டர் உங்களை ஏமாற்றுக்காரர் என்பார், நீங்கள் மெயிலைக் காட்டுவீர்கள், இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே இருக்கும்.

அதனால் மெயிலில் மூன்று விஷயம் வெளிப்படையாக வரவேண்டும்: கடிகாரம் எப்போது தொடங்குகிறது, எந்த நேரங்களில் ஓடுகிறது, அது நிற்கும்போது என்ன நடந்திருக்கும். நானாக இருந்தால் இப்படி எழுதுவேன்:

"நோயாளிகளைப் பார்க்க முடியாத அளவுக்குக் கோளாறு என்றால், உங்கள் கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில், நீங்கள் போன் செய்த நிமிடத்திலிருந்து 30 நிமிடத்துக்குள் ஒரு டெக்னீசியன் உங்கள் கம்ப்யூட்டரைப் பார்க்கத் தொடங்குவார். ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் கோளாறு, மற்றவற்றில் வேலை நடக்கிறது என்றால் 4 மணி நேரத்துக்குள். புதிய பிரிண்டர் மாட்டுவது போன்ற வேலைகள் அடுத்த இரண்டு வேலை நாட்களுக்குள்."

இதில் "உங்கள் கிளினிக் திறந்திருக்கும் நேரத்தில்" என்பதுதான் கனமான சொல். மூன்று பேரால் இரவு 9 வரை மாறி மாறிப் போனை எடுக்க முடியுமா என்று முதலில் உட்கார்ந்து பேசுங்கள். முடியாவிட்டால் 30 நிமிடத்தை எழுதாதீர்கள், "மாலை 6 வரைதான்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள். சில கிளினிக்குகளுக்கு அதுவே போதும்.

ஹலோ123: சார், இந்த மெயில் மாடல் முழுசாகக் கிடைக்குமா?

மேலே உள்ள பத்திதான் மாடல். மீதியை உங்கள் ஆள்பலத்தைப் பார்த்துத்தான் எழுத முடியும்.

பல்_டாக்டர்: நான் மெயில் வாங்கும் பக்கம். இரண்டு கம்பெனிகள் அனுப்பியிருக்கிறார்கள், ஒன்றில் 1 மணி நேரம், இன்னொன்றில் 4 மணி நேரம். முதல் ஆளை எடுப்பதுதானே சரி?

அவசரப்படாதீர்கள் டாக்டர். அந்த 1 மணி நேரம் எதற்கு என்று கேளுங்கள். போனை எடுப்பதற்கா, ஆள் வேலையைத் தொடங்குவதற்கா, கிளினிக் மறுபடி ஓடுவதற்கா? இரண்டு பேருக்கும் ஒரே கேள்வியை அனுப்புங்கள்: "சனிக்கிழமை மாலை 7 மணிக்கு வரவேற்புக் கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லை. யாருக்குப் போன் செய்ய வேண்டும், அடுத்த நோயாளிக்கு எப்போது பில் போடலாம்?" ஒருவர் ஆள் பெயரையும் மணியையும் சொல்லி, உங்கள் இன்னொரு கம்ப்யூட்டரில் பில் போட வழி செய்வோம் என்று எழுதினால் அவரை எடுங்கள். "கவலைப்படாதீர்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று வந்தால் அவர்கள் இதை யோசித்ததே இல்லை.

வேகம்: எங்கள் சிஸ்டத்தில் மெயில் வந்த 10 நொடியில் "உங்கள் புகார் பதிவானது" என்று தானாகப் பதில் போய்விடும். அப்போது எங்கள் பதில் நேரம் 10 நொடி என்று விளம்பரம் செய்யலாமா?

கூடாது. அது மெஷின் அனுப்பும் ரசீது. கோளாறைப் புரிந்துகொண்ட ஒரு மனிதர் பேசினால்தான் பதில். தானாகப் போகும் மெயில் கணக்கில் வராது என்பதையே உங்கள் மெயிலில் ஒரு வரியாகப் போடுங்கள், நம்பிக்கை வரும்.

சர்வர்_சாமி: இவ்வளவு எழுதுவதற்குப் பதில் 99% அப்டைம், அதாவது மொத்த நேரத்தில் 99% சிஸ்டம் ஓடும் என்று உத்தரவாதம் கொடுத்தால் முடிந்தது. பெரிய கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன.

பாதி சரி. வாடகைக்கு எடுக்கும் சர்வருக்கு அந்தக் கணக்கு பொருந்தும், அதை நடத்துபவர் கையில் எல்லாமே இருக்கிறது. கிளினிக்கில் கரண்ட் அவர்களுடையது, இன்டர்நெட் வேறொருவருடையது, சாஃப்ட்வேர் இன்னொருவருடையது. நீங்கள் எதற்கு உத்தரவாதம் தருவீர்கள்? அப்புறம் 30 நாளில் 720 மணி நேரம், அதில் 1% என்பது 7 மணி 12 நிமிடம். அது மொத்தமும் ஒரு நாள் காலையிலும் மாலையிலும் விழுந்தால் அன்றைக்குக் கிளினிக்கே நடக்காது, உங்கள் 99% மட்டும் பத்திரமாக இருக்கும்.

புதுசு_7: மாதம் எவ்வளவு வாங்கலாம்?

விலை கேட்பவர்களுக்கு இங்கே பதில் சொல்லப்போவதில்லை. எத்தனை கம்ப்யூட்டர், எத்தனை மணி வரை ஆள் என்பது தெரியாமல் சொல்லும் தொகை உங்களுக்குத்தான் நஷ்டம்.

கறார்: பதில் நேரம் என்பதே ஏமாற்று. சரிசெய்யும் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். "2 மணி நேரத்தில் சரிசெய்வோம்" என்று எழுதாதவனுக்கு ஏன் மாதாமாதம் பணம் கொடுக்க வேண்டும்?

ஸ்க்ரூடிரைவர்: ஹார்ட் டிஸ்க் போனால் 2 மணி நேரத்தில் எங்கிருந்து கொண்டு வருவது? களத்தில் வேலை செய்பவன் சொல்கிறேன், சரிசெய்யும் நேரத்தை எழுதுபவன் ஒன்று பொய் சொல்கிறான், இல்லை ஆறே மாதத்தில் கடையை மூடுவான்.

இரண்டு பேரும் ஒரு விஷயத்தைத் தாண்டிப் போகிறீர்கள். டாக்டருக்கு வேண்டியது அந்தக் கம்ப்யூட்டர் சரியாவது இல்லை, அடுத்த நோயாளியைப் பார்ப்பது. அதற்கு நேரம் சொல்ல முடியும். கிளினிக்கின் சாஃப்ட்வேர், பிரிண்டர் டிரைவர் எல்லாம் ஏற்றி, மாதாமாதம் புதுப்பித்து, ஒரு மாற்றுக் கம்ப்யூட்டரைத் தயாராக வைத்திருந்தால், பழுதானதைக் கழற்றி இதை மாட்ட ஒரு மணி நேரத்துக்குள் ஆகும். பதிவேடு அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே இருந்தால் பேக்கப்பிலிருந்து எடுக்கும் நேரமும் சேரும், அதைச் செய்து பார்த்துத்தான் எழுத வேண்டும். பழைய டிஸ்க்கை அப்புறம் நிதானமாகப் பாருங்கள். ஆகவே "கிளினிக் மறுபடி ஓட இத்தனை மணி நேரம்" என்று எழுதலாம், "பழுது நீங்க" என்று எழுதக் கூடாது. மாற்றுக் கம்ப்யூட்டர் இல்லாதவர் இரண்டையுமே எழுதக் கூடாது.

கறார்: சரி, சாஃப்ட்வேரே கோளாறு என்றால்? "சாஃப்ட்வேர் கம்பெனியிடம் சொல்லிவிட்டோம்" என்று கடிகாரத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்கிறார்கள். எங்கள் கிளினிக்கில் மூன்று நாள் அப்படி நின்றது, எல்லாம் கையால் எழுதினோம்.

நியாயமான கோபம். கடிகாரம் நிற்கும் இடங்களை மெயிலிலேயே சொல்லியாக வேண்டும், யாரும் சொல்வதில்லை. என் கருத்து: சாஃப்ட்வேர் கம்பெனிக்காகக் காத்திருக்கும்போது கடிகாரம் நிற்கலாம், ஆனால் அவர்களிடம் பேசும் வேலை பராமரிப்புக்காரருடையது, எப்போது பேசினோம், என்ன சொன்னார்கள் என்று கிளினிக்குக்குத் தினமும் ஒரு வரி போகவேண்டும்.

ஸ்க்ரூடிரைவர்: அவர்கள் சாஃப்ட்வேருக்கு நான் ஏன் போனில் காத்துக்கிடக்க வேண்டும்? லைசென்ஸ் டாக்டர் பெயரில் இருக்கிறது, நான் பேசினால் பேசவே மாட்டார்கள்.

லைசென்ஸ் விஷயம் உண்மைதான். சேரும் நாளிலேயே டாக்டரிடம் ஒரு அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அதையும் ஏற்காத கம்பெனிகள் உண்டு. அங்கே டாக்டர்தான் பேச வேண்டியிருக்கும். இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரு வரி என்னிடம் இல்லை.

படம்_பிடிப்பவர்: எங்கள் எக்ஸ்ரே கருவியோடு வந்த கம்ப்யூட்டரில் பழைய விண்டோஸ். பராமரிப்புக்காரர் அப்டேட் செய்கிறேன் என்கிறார். செய்யவிடலாமா?

கருவி தயாரித்தவர் எழுத்தில் சரி என்று சொல்லாமல் தொடவிடாதீர்கள். அந்தச் சாஃப்ட்வேர் குறிப்பிட்ட விண்டோஸ் பதிப்பில்தான் சோதிக்கப்பட்டிருக்கும், அப்டேட்டுக்குப் பிறகு கருவியே தெரியாமல் போகலாம். அதற்காக அப்படியே விட்டுவிடவும் கூடாது. அதை நெட்வொர்க்கில் தனியாகப் பிரித்து, இன்டர்நெட்டை அடைத்து, படங்கள் சேமிக்கப்படும் இடத்தோடு மட்டும் பேசவிட வேண்டும். மெயில் எழுதுபவர்களும் கவனியுங்கள்: "எல்லாக் கம்ப்யூட்டர்களும்" என்று எழுதினால் இதுவும் உங்கள் தலையில் விழும்.

கேள்விக்குறி: ஒரு மாதம் முழுக்க எதுவும் கெடவில்லை என்றால் கிளினிக் எதற்குப் பணம் கொடுக்கிறது? மெயிலில் அதற்கு என்ன எழுதுவது?

பேக்கப்பிலிருந்து திரும்ப எடுத்துப் பார்ப்பதை எழுதுங்கள். பேக்கப் எடுக்கப்பட்டதா என்று பார்ப்பதைச் சொல்லவில்லை. பச்சை டிக் தெரிகிறது என்று மாதக்கணக்கில் நம்பி, தேவைப்படும் நாளில் திறந்தால் காலியாக இருக்கும். சாஃப்ட்வேர் தன் தரவுக் கோப்புறையை வேறிடத்துக்கு மாற்றியிருக்கும், பேக்கப் பழைய இடத்தையே நகலெடுத்துக்கொண்டிருக்கும். மாதம் ஒருமுறை பேக்கப்பை மாற்றுக் கம்ப்யூட்டரில் ஏற்றி, முந்தைய நாளின் கடைசி நோயாளியின் பதிவு வருகிறதா என்று கிளினிக் ஆளை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஆகும் நேரத்தையும் குறித்துவையுங்கள். நான் மேலே சொன்ன "கிளினிக் மறுபடி ஓட" நேரத்துக்கு நீங்கள் எழுத வேண்டிய எண் அங்கிருந்துதான் வரும்.

தேன்மொழி_டெக்: மெயில் எல்லாம் ஸ்பேமுக்குப் போகிறது அண்ணா.

மெயில் உண்மையிலேயே உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் உங்கள் டொமைனுக்கு இருக்கின்றனவா என்று பாருங்கள், இல்லாவிட்டால் முதலில் அது. ஒரே மெயிலை நூறு பேருக்கு ஒன்றாக அனுப்பாதீர்கள். கிளினிக்காரர்கள் தெரியாதவர் அனுப்பிய இணைப்பைத் திறக்கக் கூடாது, அதனால் பிடிஎஃப் வேண்டாம், எல்லாவற்றையும் மெயிலுக்குள்ளேயே எழுதுங்கள்.

மாடல்_தேவை: சார், மெயில் மாடல் ப்ளீஸ்.

இதே கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள். மாடலைக் காப்பி செய்து 30 நிமிடம் என்று அனுப்பிவிட்டு, 6 மணிக்குப் போனை அணைத்துவிடுவீர்கள் என்பதுதான் என் பயம்.

புதுக்கடை: அண்ணா, மூன்று பேரும் பேசினோம். இரவு 9 வரை இரண்டு பேரால்தான் முடியும், ஞாயிறு முடியவே முடியாது. 30 நிமிடம் எழுதலாமா?

திங்கள் முதல் சனி வரை எழுதுங்கள், "ஞாயிறு சேவை இல்லை" என்பதையும் அதே பத்தியில், அதே அளவு எழுத்தில் போடுங்கள். இரண்டு பேரில் ஒருவர் ஊருக்குப் போகும் வாரத்துக்கு என்ன செய்வீர்கள் என்பதை முடிவு செய்த பிறகு அனுப்புங்கள். முதலில் மூன்று கிளினிக்குகளுக்கு மட்டும் அனுப்பினால் போதும்.