கட்டணத்தைக் குறைத்தால் மறுபடியும் கூப்பிடுவார்களா?

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே வார இறுதிகளில் பிறந்தநாள், திருமண நாள், அலுவலக விழா மாதிரி சின்ன நிகழ்ச்சிகளில் கரோக்கே டிராக் வைத்துப் பாடுகிறேன், கேட்டால் தொகுத்தும் வழங்குவேன். போன வருடம் 20 நிகழ்ச்சி. அதில் 12-க்கு சவுண்ட் வாடகைக்கு எடுத்தேன், மீதி இடங்களில் மண்டபத்திலேயே இருந்தது. எல்லோரும் பிரமாதம் என்கிறார்கள், ஆனால் மறுபடி யாரும் கூப்பிடுவதில்லை. கட்டணத்தை நான்கில் ஒரு பங்கு குறைக்கலாமா? சொந்தமாக ஸ்பீக்கர், மிக்சர் எல்லாம் கடனில் வாங்கினால் லாபமா?

பதில்: கட்டணத்தைக் குறைக்க வேண்டாம். கடனில் சவுண்ட் செட் வாங்குவதும் இப்போதைக்கு வேண்டாம். உங்களுக்கு ஆக வேண்டிய காரியம் வேறு, அதற்கு வருவதற்கு முன்னால் கணக்கை முடித்துவிடுவோம்.

உங்கள் கட்டணத்தை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். சவுண்டை நீங்களே ஏற்பாடு செய்யும் நிகழ்ச்சி ஒன்றில் அதற்கு 20, போக்குவரத்துக்கு 10, டிராக், உடை, போன் என்று சில்லறையாக இன்னொரு 10 போகிறது என்றால் கையில் நிற்பது 60. இப்போது கட்டணத்தை 75 ஆக்குகிறீர்கள். சவுண்ட்காரர் உங்களுக்காக வாடகையைக் குறைக்கப் போவதில்லை, வண்டிச் செலவும் அதேதான், அதனால் மிஞ்சுவது 35. அதாவது கட்டணம் கால்வாசிதான் குறைந்தது, வருமானமோ ஐந்தில் இரண்டு பங்குக்கு மேலேயே குறைந்துவிட்டது. முன்பு 10 நிகழ்ச்சியில் எடுத்த 600-ஐ இனி எடுக்க ஏறக்குறைய 17 நிகழ்ச்சி பாட வேண்டும்.

அந்தக் கூடுதல் 7 நிகழ்ச்சி என்பது எவ்வளவு நேரம் என்று யோசித்தீர்களா? மேடையில் இருப்பது 3 மணி நேரம், போக வர 2, சவுண்ட் கட்டி மைக் பார்க்க ஒன்றரை, அவிழ்த்து ஏற்ற அரை, அதற்கு முன்னால் அவர்கள் கேட்ட பாட்டைப் பழகுவது, ஸ்கேலுக்கு டிராக் தேடுவது, போனில் பேசுவது எல்லாம் சேர்த்து 3 என்றால் ஒரு நிகழ்ச்சிக்கு 10 மணி நேரம். 70 மணி நேரம் தொண்டையையும் வார இறுதிகளையும் கூடுதலாகக் கொடுத்து, ஒரு காசு அதிகம் இல்லாமல் பழைய வருமானத்திலேயே நிற்பீர்கள். குறைந்த கட்டணத்துக்கு வந்தவர் அடுத்தவரிடம் சொல்லும்போது அந்தக் கட்டணத்தையும் சேர்த்துத்தான் சொல்வார், பிறகு ஏற்றுவது கஷ்டம்.

யாராவது பேரம் பேசினால் விலையை இறக்காமல் வேலையை இறக்குங்கள். மூன்று மணி நேரத்துக்குப் பதில் ஒன்றரை மணி நேரம், அல்லது மண்டபத்து சவுண்டிலேயே பாடுவது, அல்லது தொகுப்பு மட்டும். எதைக் குறைத்ததால் எவ்வளவு குறைந்தது என்று அவருக்குத் தெரிந்தால் உங்கள் முழுக் கட்டணம் அப்படியே மரியாதையாக நிற்கும்.

சரி, ஏன் மறுபடி கூப்பிடுவதில்லை? ஒரு வீட்டில் இருபத்தைந்தாவது திருமண நாள் ஒரு தடவைதான் வரும். அந்தக் குடும்பத்துக்கு உங்களை எவ்வளவு பிடித்திருந்தாலும் அடுத்த விழா வர வருடக்கணக்காகலாம், அதற்குள் உங்கள் எண் எங்கே போயிருக்குமோ. அவர்கள் பாராட்டியது பொய்யில்லை, உங்களைக் கூப்பிட அவர்களுக்கு வேறு காரியம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் அதே மண்டபத்தில் வாரா வாரம் விழா பார்ப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். மண்டப மேலாளர், போட்டோ வீடியோ எடுப்பவர், அலங்காரம் செய்பவர், சமையல் பொறுப்பாளர், விழா ஏற்பாட்டாளர். அலுவலகமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் விழாக் குழுவில் மாட்டிக்கொள்ளும் அந்த ஒரு ஊழியர். "பாடுறதுக்கு யாராவது தெரியுமா?" என்ற கேள்வி இவர்களிடம்தான் வருகிறது. உங்களுடைய திரும்ப வரும் வாடிக்கையாளர் இவர்கள். பணம் கொடுப்பவர் ஒருவர், அடுத்த பணத்தைக் கொண்டுவருபவர் வேறொருவர்.

நம்பிக்கை வரவில்லை என்றால் இன்றைக்கே ஒரு தாளை எடுத்து அந்த 20 நிகழ்ச்சியையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே முதலில் போன் செய்தவர் யார், அவருக்கு உங்கள் எண்ணைக் கொடுத்தவர் யார் என்று போடுங்கள். தெரியாவிட்டால் போன் செய்து கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். என்னிடம் ஆலோசனைக்கு வரும் கீபோர்டு வாசிப்பவர் ஒருவர் இப்படி எழுதியபோது, பெரும்பகுதி இரண்டே பேரிடமிருந்து வந்திருந்தது, ஒரு மண்டப மேலாளர், ஒரு வீடியோகிராஃபர். விளம்பரப் பக்கத்துக்கு அவர் செலவழித்த பணத்தால் வந்தது அநேகமாக ஒன்றுமில்லை. அந்த இரண்டு பேரும் ஏன் இவரைச் சொன்னார்கள் என்று விசாரித்தால், வாசிப்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதும் காரணம் வேறு பக்கம் போய்விட்டது. மேலாளருக்கு, இவர் சொன்ன நேரத்துக்கு முடித்து, மண்டபத்தைக் காலி செய்யும் நேரத்துக்குள் சாமானை ஏற்றிவிடுகிறார். வீடியோகிராஃபருக்கு, இவர் கேட்காமலே மிக்சரிலிருந்து ஒரு லைன் அவுட் கேபிள் நீட்டுகிறார், அதனால் வீடியோவில் குரல் சுத்தமாக வருகிறது, கேமரா மைக்கில் தட்டுச் சத்தமும் குழந்தை அழுகையும் கலந்து வரும் தொல்லை இல்லை.

உங்களுக்கும் இதே மாதிரி சின்னச் சின்ன இடங்கள் இருக்கும். சவுண்ட் வைக்கும்போது, பாடுகிறவர் ஸ்பீக்கர்களுக்கு முன்னால் வந்து நின்றால் ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய் கூவ ஆரம்பிக்கும். ஸ்பீக்கர் வரிசைக்குப் பின்னால் நில்லுங்கள், மைக்கை ஸ்பீக்கர் பக்கம் காட்டாதீர்கள். கார்ட்லெஸ் மைக் என்றால் விழா தொடங்கும் முன் புது பேட்டரி. இதையெல்லாம் சவுண்ட்காரர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டால், கூவிய மைக்கை வந்தவர்கள் உங்கள் பெயரோடு சேர்த்துத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

தொகுத்து வழங்குவதில் முக்கியமானது பெயர்ப் பட்டியல். இரண்டு நாள் முன்பே வாங்குங்கள், உச்சரிப்பைப் போனில் கேட்டு நீங்கள் சொல்லும் விதமாகவே எழுதிக்கொள்ளுங்கள், யாரை முதலில் அழைக்க வேண்டும் என்பதோடு யாரைப் பற்றிப் பேசக் கூடாது என்பதையும் கேளுங்கள். பிரிந்துபோன கணவர், சமீபத்தில் இறந்தவர், பேச்சுவார்த்தை இல்லாத உறவு, எல்லா வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும். அப்புறம், கேக் வர 20 நிமிடம் தாமதம் என்று யாராவது காதில் வந்து சொன்னால், "கேக் இன்னும் வரவில்லை" என்று மைக்கில் அறிவிக்காமல் அந்த 20 நிமிடத்தைச் சத்தமில்லாமல் நிரப்ப, டிராக்கோடு தயாராக நான்கைந்து பாட்டு கைவசம் இருக்க வேண்டும். அதை ஒரு தடவை நேரில் பார்த்த விழா ஏற்பாட்டாளர் உங்களை விட மாட்டார்.

நிகழ்ச்சி முடிந்த மறுநாள் வீட்டாருக்கு மட்டுமில்லாமல் மேலாளருக்கும் வீடியோகிராஃபருக்கும் பெயர் சொல்லி ஒரு நன்றி அனுப்புங்கள். வருடா வருடம் வரும் விழா என்றால், அலுவலக ஆண்டு விழா, குடியிருப்போர் சங்கக் கூட்டம் மாதிரி, தேதியைக் குறித்து வைத்து மூன்று மாதம் முன்பே நீங்களே போன் செய்யுங்கள். குழுவினர் அப்போதுதான் பட்ஜெட் போட ஆரம்பித்திருப்பார்கள், கடைசி மாதம் கேட்டால் யாரையாவது பேசி முடித்திருப்பார்கள். தள்ளுபடி கொடுத்தே ஆக வேண்டும் என்று தோன்றினால் இங்கே கொடுங்கள், ஒரே சமயத்தில் இரண்டு மூன்று தேதி உறுதி செய்து அட்வான்ஸும் கொடுப்பவருக்கு.

அட்வான்ஸ் இல்லாமல் தேதியைப் பிடித்து வைக்காதீர்கள். ஒரு சனிக்கிழமையை வாய்வார்த்தைக்கு ஒதுக்கிவிட்டு, அதே நாளுக்கு வந்த இன்னொருவரைத் திருப்பி அனுப்பி, கடைசியில் முதலாமவர் ரத்து செய்தால் இரண்டும் போச்சு. மூன்றில் ஒரு பங்கு முன்பணம், ரத்தானால் அது திரும்பாது, மீதி மேடை ஏறும் முன், பேசிய நேரம் தாண்டினால் அரை மணிக்கு இவ்வளவு. இந்த நான்கு வரியையும் புக்கிங் அன்றே மெசேஜில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்குங்கள். விழா முடிந்த பிறகு, எல்லோரும் களைத்துக் கிளம்பும் நேரத்தில் மீதிப் பணம் கேட்டு நிற்பது உங்களுக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம்.

இப்போது சவுண்ட் செட். இரண்டு ஸ்பீக்கர், சின்ன மிக்சர், மைக், ஸ்டாண்ட், கேபிள் எல்லாம் சேர்த்து உங்கள் கட்டணக் கணக்கில் 240 ஆகிறது என்று வைப்போம். வாடகை 20 மிச்சம், ஆனால் பெரிய வண்டி, பழுது, கேபிள் என்று 5 போகும், ஆக நிகழ்ச்சிக்கு 15 லாபம். 20-க்கும் இந்த லாபம் வராது, வாடகைக்கு எடுத்த 12-க்குத்தான். வருடத்துக்கு 180, போட்ட பணம் திரும்ப 16 மாதம். அடுத்த வருடம் 12 என்பது 8 ஆனால் இரண்டு வருடம். கடன் என்றால் வட்டியும் சேர்ந்து இன்னும் நீளும், விழாக்கள் சில மாதங்களில் குவிந்து சில மாதங்களில் வறண்டுபோகும், தவணையோ எல்லா மாதமும் வரும். அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சியிலிருந்தும் 12 எடுத்துத் தனிக் கணக்கில் போடுங்கள், 20 நிகழ்ச்சியில் 240 சேர்ந்துவிடும். அதுவரை உங்களுக்கென்று நல்ல மைக் ஒன்று, கேபிள் இரண்டு வாங்கிக்கொண்டால் போதும். இந்த வருமானத்துக்கும் வரிக் கணக்கில் இடம் உண்டு என்பதால் சம்பளக் கணக்கோடு கலக்காமல் வைப்பது அதற்கும் வசதி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் இதில்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். ஏற்பாட்டாளர் மூலமாகப் போன நிகழ்ச்சியில் விருந்தாளி ஒருவர் வந்து உங்கள் எண்ணைக் கேட்டால், அந்த ஏற்பாட்டாளர் எண்ணையே கொடுங்கள், மறுநாள் அவரிடமும் இப்படி ஒருவர் கேட்டார் என்று சொல்லிவிடுங்கள். அவருக்குப் போகும் கமிஷன் அந்த ஒரு தடவைக்கு நஷ்டம் மாதிரித் தெரியும். நேரடியாகப் பேசி முடித்தது அவர் காதுக்குப் போனால் அவரிடமிருந்து வருடத்துக்கு வரக்கூடிய ஐந்தாறு நிகழ்ச்சி நின்றுவிடும், ஏன் நின்றது என்றும் அவர் உங்களிடம் சொல்ல மாட்டார்.